ஒரே ஷீட்டில் இரண்டு கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகை 12,000, ஆள் கூலி 18,000, கரண்ட் 5,000 என்று மாதம் 35,000 ரூபாய் எப்படியும் போய்விடும். பாக்கெட் விலை 40 ரூபாய், மாதத்துக்கு 30 நாள். மீதி மூன்று விஷயங்களை அனுமானமாகத்தான் போட முடியும்: ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் போடுவது, அரிசி, உளுந்து, கவர் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு என்ன செலவாகும், விற்காமல் எத்தனை சதவீதம் புளித்துப் போகும்.

எல்லாம் சாதகமாக அமைந்தால் 120 பாக்கெட், 24 ரூபாய் செலவு, 5 சதவீதம் வீண். எச்சரிக்கையாகப் பார்த்தால் 100 பாக்கெட், 27 ரூபாய், 10 சதவீதம். முதல் கணக்கில் மாத லாபம் 15,400 ரூபாய். இரண்டாவதில் 8,000 ரூபாய் நஷ்டம். கடை போடலாமா என்று முடிவு செய்ய இரண்டு விடையும் வேண்டும்.

நம்பிக்கை: இரண்டு கணக்கை இரண்டு ஷீட்டில் வைத்தால் குழப்பம் வராது.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கட்டட உரிமையாளர் வாடகையை 14,000 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷீட்டில் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவது சகஜம். ஒரு மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசத்தில் எவ்வளவு அனுமானத்தால் வந்தது, எவ்வளவு மறதியால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. கணக்கு ஓடும் வரிகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மாறும் மூன்று எண்களுக்கு மட்டும் இரண்டிரண்டு மதிப்பு போதும்.

எந்த மதிப்பை எடுப்பது என்று சொல்வதுதான் சுவிட்ச் செல்லின் வேலை. அது B1 என்று வைத்துக்கொள்வோம். C4, D4 செல்களில் ‘சாதகம்’, ‘எச்சரிக்கை’ என்று தலைப்பு. அவற்றின் கீழே 5 முதல் 7 வரையான வரிகளில் மூன்று அனுமானங்கள். B1-இல் Data Validation வழியாக, C4:D4-ஐ மூலமாகக் கொண்ட ஒரு டிராப்டவுன். B5-இல் இந்த ஃபார்முலாவை அடித்து B7 வரை இழுத்துவிட்டால் போதும்:

```
=INDEX(C5:D5, MATCH($B$1, $C$4:$D$4, 0))
```

வரவு, சரக்குச் செலவு, லாபம் எல்லாம் B5, B6, B7-ஐ மட்டுமே பார்க்க வேண்டும். C, D பக்கம் எந்த வரியும் நேரடியாகக் கை நீட்டக் கூடாது.

நம்பிக்கை: இதற்கு ஒரு IF போதுமே.

பலரும் எழுதுவது இதுதான்:

```
=IF($B$1="சாதகம்", C5, D5)
```

விடை சரியாகத்தான் வரும், B1-இல் சரியான சொல் இருக்கும் வரை. வேறு எங்கிருந்தோ ஒரு செல்லை காப்பி செய்து B1 மேல் பேஸ்ட் செய்தால் டிராப்டவுன் கட்டுப்பாடு காப்பாற்றாது. ‘சாதகம்’ என்பதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும், B1 காலியாகவே இருந்தாலும், IF எதுவும் சொல்லாமல் எச்சரிக்கை எண்ணை எடுத்துக் கொடுத்துவிடும். திரையில் சாதகம் என்று இருக்கும், கணக்கு வேறாக இருக்கும். MATCH அப்படி இல்லை. சொல் பொருந்தாவிட்டால் #N/A என்று ஷீட் முழுக்கக் காட்டிவிடும். பணக் கணக்கில் அந்தக் கூச்சல் தேவை.

நம்பிக்கை: சுவிட்சை மாற்றினால் லாபம் மாறுகிறது, ஆகவே ஷீட் சரியாக இருக்கிறது.

இந்த நம்பிக்கைகளில் அதிக ஆபத்தானது இது. ஒரு நாள் யாரோ B6-இல் இருந்த ஃபார்முலாவை அழித்துவிட்டு நேரடியாக 24 என்று அடித்துவிடுகிறார்கள். சுவிட்ச் ‘சாதகம்’ என்று இருக்கும்போது எதுவும் மாறாது. லாபம் அதே 15,400. ‘எச்சரிக்கை’க்கு மாற்றினால் பாக்கெட் எண்ணிக்கையும் வீணும் மாறும், லாபமும் குறையும். பார்ப்பவருக்கு எல்லாம் இயங்குவதாகவே தோன்றும். ஆனால் செலவு 24-லேயே நிற்பதால் சரக்குச் செலவு 81,000-க்குப் பதில் 72,000 என்று வரும். 8,000 ரூபாய் நஷ்டம் காட்ட வேண்டிய ஷீட், 1,000 ரூபாய் லாபம் காட்டும். மோசமான காலத்திலும் கை கடிக்காது என்று நினைத்து ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட இது போதும்.

லாபத்தை மட்டும் பார்க்காமல், சுவிட்சை மாற்றும்போது B5, B6, B7 மூன்றும் ஒவ்வொன்றாக மாறுகின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை. இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கும் அனுமானத்தில் இந்தச் சோதனை பலிக்காது. அதனால் ஷீட்டே காவல் காக்கட்டும்:

```
=IF(AND(ISFORMULA(B5),ISFORMULA(B6),ISFORMULA(B7)),"சரி","ஃபார்முலா அழிந்துள்ளது")
```

இதை B1-க்குப் பக்கத்திலேயே வைப்பது நல்லது. Protect Sheet போட்டு B1-ஐயும் C5:D7-ஐயும் மட்டும் திறந்துவிட்டால் தவறு நேரும் வழியே பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

நம்பிக்கை: எச்சரிக்கை என்றால் எல்லாவற்றிலும் பத்து சதவீதம் குறைத்துப் போடுவது.

வரவு, செலவு இரண்டையும் 0.9-ஆல் பெருக்கினால் லாபமும் 0.9-ஆல் பெருகும், அவ்வளவுதான். 15,400 என்பது 13,860 ஆகும். வியாபாரம் படுத்தால் வாடகையும் குறையும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. எந்த ஊரிலும் அப்படி நடக்காது. ஒவ்வொரு அனுமானமும் எந்தப் பக்கம் போனால் கடைக்கு வலிக்குமோ அந்தப் பக்கம் நகர வேண்டும்: விற்பனை கீழே, செலவும் வீணும் மேலே.

தனித்தனியாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பாக்கெட் எண்ணிக்கை மட்டும் 100-க்கு இறங்கினால் லாபம் 7,000. வீண் மட்டும் 10 சதவீதமானால் 8,200. செலவு மட்டும் 27 ஆனால் 4,600. மூன்றில் எது தனியாக வந்தாலும் கடை தாங்கும். செலவு ஏற்றத்தோடு மற்ற இரண்டில் ஒன்று ஒரே மாதத்தில் சேர்ந்தாலே நஷ்டம். அதிகம் அடிப்பது விற்பனைச் சரிவு அல்ல, பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய் ஏறும் உளுந்தும் அரிசியும்தான். ஒரே சுவிட்ச் மூன்றையும் சேர்த்தே நகர்த்துவதால் இந்த விவரத்தைக் காட்டாது; இதைப் பார்க்க ஒவ்வொரு வரிக்கும் தனி சுவிட்ச் வைக்க வேண்டும்.

எக்செலிலேயே Scenario Manager இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது எண்களை ஒரு பெட்டிக்குள் ஒளித்து வைத்து, காட்டச் சொல்லும்போது செல்களின் மேல் எழுதுகிறது. எந்த அனுமானத்தில் என்ன எண் என்பது ஷீட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அது தயாரித்துத் தரும் சுருக்க அறிக்கையும், பிறகு எண்களை மாற்றினால் தானாக மாறாது.

சுவிட்சுக்கும் ஒரு குறை உண்டு: ஒரு நேரத்தில் ஒரு விடைதான் கண்ணில் படும். அச்சிட்ட தாளில் எந்த நிலை என்பதே தெரியாமல் போகலாம். தலைப்புச் செல்லில் ="மாத பட்ஜெட்: "&B1 என்று எழுதிவிட்டால் தாளிலும் அது பதிவாகும். எக்செலில் What-If Analysis-க்குள் இருக்கும் Data Table-க்கு B1-ஐ உள்ளீட்டுச் செல்லாகக் கொடுத்தால் 15,400-உம் -8,000-உம் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். அந்த அட்டவணை B1 இருக்கும் ஷீட்டிலேயே இருக்க வேண்டும். கடனுக்கோ கூட்டுக்கோ யாராவது ஒரு பட்ஜெட்டைக் கொண்டுவந்து காட்டினால், சுவிட்சை மறுபக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.