அடையாள அட்டை இலக்கத்தைப் பாதி மறைத்தால் போதுமா?

கேள்வி: கிளிநொச்சி, கரைச்சிப் பிரதேசத்தில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் நான். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் நிரப்பித் தந்த படிவங்களை ஸ்கான் செய்து, விபரங்களை எக்ஸெல் அட்டவணையாக எடுத்து வைத்திருக்கிறோம். பெயர், பிறந்த திகதி, ஆண்/பெண், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் அதில் உண்டு. உதவ முன்வந்த கனடாவிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கம் இதைக் கேட்கிறது. உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடச் சொல்கிறார்கள். அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிய, மற்றதை மறைத்து அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். வங்கிக் கணக்குக்கு அந்த முறை பொருந்தும். எங்கள் அடையாள அட்டை இலக்கத்துக்குப் பொருந்தாது.

காரணம் அந்த இலக்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் உள்ளன. முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1978 செப்டெம்பர் 1இல் பிறந்த ஒரு பெண்ணை எடுங்கள். பெப்ரவரிக்கு 29 நாள் வைத்து எண்ணும் இந்தக் கணக்கில் அது 245ஆவது நாள். 500ஐக் கூட்டினால் 745. ஆகவே அவரது இலக்கம் 78745 என்று தொடங்கும். நீங்கள் மறைப்பது இந்த ஐந்து எண்களைத்தான். ஆனால் பிறந்த திகதியும் பாலும் பக்கத்து நிரல்களில் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஐந்தையும் கணக்கிட்டு, நீங்கள் காட்டும் கடைசி நான்கையும் சேர்த்தால் முழு இலக்கமும் கைக்கு வந்துவிடும். 2016 முதல் வழங்கப்படும் 12 எண் அட்டையிலும் முதல் ஏழு எண்கள் இதே விதமானவை. மாறாக, முன்பகுதியைக் காட்டிக் கடைசியை மறைத்தால், பிறந்த திகதியையும் பாலையும் நீங்களே வெளியிட்டவர் ஆவீர்கள்.

எனவே அடையாள அட்டை நிரலையும் பிறந்த திகதி நிரலையும் முழுதாக நீக்குங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சங்கத்தின் தொடரிலக்கம் ஒன்றைக் கொடுங்கள். எந்தத் தொடரிலக்கம் யாருடையது என்ற ஒப்பீட்டுத் தாள் செயலாளரிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருக்கட்டும். அந்தத் தாள் இருக்கும் வரை அட்டவணை பெயரற்ற தரவு ஆகிவிடாது. அதையும் பொறுப்போடு காக்க வேண்டும்.

வங்கிக் கணக்கில் கடைசி நான்கு எண்கள் தெரிந்தால், “பணம் இந்தக் கணக்குக்குத்தானா” என்று உரியவர் சரிபார்க்க அது போதும். முழு இலக்கம் பணம் அனுப்புபவருக்கு மட்டுமே தேவை. கணக்கு இலக்கம் C நிரலில் இருந்தால் புதிய நிரலில் இதை இடுங்கள்:

```
="****"&RIGHT(C2,4)
```

பிறகு அந்த நிரலை நகலெடுத்து, Paste Values மூலம் வெறும் மதிப்பாக ஒட்டி, C நிரலை அழித்துவிடுங்கள். நிரலை Hide செய்வதோ எழுத்தை வெள்ளையாக்குவதோ மறைப்பு ஆகாது. பிடிஎப் மீது கறுப்புப் பெட்டி வைத்தாலும் எழுத்து பெரும்பாலும் அடியில் அப்படியே இருக்கும். அந்த இடத்தைத் தெரிவு செய்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்கானிலிருந்து எடுத்த விபரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. குறிப்பு நிரலிலும், வேறு தாளிலும், படத்தின் கோப்புப் பெயரிலும் இலக்கம் ஒளிந்திருக்கும். பூச்சியம் O என்று வாசிக்கப்பட்டோ, நடுவில் இடைவெளி விழுந்தோ இருந்தால் தேடலிலும் அகப்படாது. ஆகவே தேவையான நிரல்களை மட்டும் புதிய கோப்புக்கு எடுத்து, ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தபின் அனுப்புங்கள். ஸ்கான் பிரதிகளையும் வங்கிப் புத்தகப் படங்களையும் சேர்க்க வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அதற்குத் தேவையான அளவோடு நிற்கச் சொல்கிறது. அதன் பகுதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அமைந்தவை. அதற்காகக் காத்திராமல் இந்த அளவுகோலை இன்றே பின்பற்றுங்கள். கனடாச் சங்கத்துக்குத் தேவை எத்தனை குடும்பம், என்ன சேதம், எவ்வளவு தொகை என்பதே. வாட்ஸ்அப் குழுவுக்குத் தொடரிலக்கமும் தொகையும் போதும்.

“தகவல் அறியும் உரிமையில் கேட்டால் பட்டியலைக் கொடுக்கத்தானே வேண்டும்” என்று சிலர் வாதிடுவார்கள். பிரதேச செயலகம் போன்ற பகிரங்க அதிகாரசபைகளைக் கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்திலேயே இதற்கு விடை உண்டு. பொதுநலனோடு தொடர்பற்ற தனிப்பட்ட தகவலை மறுக்க பிரிவு 5 இடமளிக்கிறது. மறுக்க வேண்டிய பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைக் கொடுக்கச் சொல்கிறது பிரிவு 6. செலவும் தொகையும் வெளிப்படையாக இருக்கலாம். அதற்கு எவருடைய அடையாள அட்டை இலக்கமும் வேண்டியதில்லை.

பட்டியல் ஏற்கனவே போய்விட்டதென்றால், பெற்றவர்களிடம் அழிக்கச் சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள். பட்டியலில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள். தங்கள் பெயரில் தெரியாத சிம் அட்டையோ கடன் பிணையோ வந்தால் அவர்கள் உடனே முறையிட வேண்டும். வங்கிக் கணக்கை மூடிப் புதியது திறக்கலாம். அடையாள அட்டை இலக்கமோ ஆயுள் முழுவதும் அவரோடு இருப்பது. அதனால்தான் அதில் ஒரு எண்ணைக்கூட வெளியே விட வேண்டாம் என்கிறேன்.