அடைமழையில் வீட்டைப் படம் பிடிக்கலாம், வாங்க!

ஐப்பசி, கார்த்திகையில் காரைக்காலில் விடாமல் பெய்யும்போது, பிரான்ஸில் இருக்கும் சொந்தங்கள் "நம்ம வீட்டு மழையைப் படம் எடுத்து அனுப்பு" என்று கேட்பார்கள். கேமரா வாங்க வேண்டாம், கையிலிருக்கும் செல்போனே போதும்.

1. வெளுத்த வானத்துக்கு முன்னால் மழை படத்தில் விழவே விழாது. திறந்திருக்கும் வாசற்கதவின் இருட்டு, வேப்பமரம், நனைந்து கறுத்த ஓட்டுத் தாழ்வாரம் இவற்றில் ஒன்று பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வானத்தை முடிந்தவரை சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.

2. போனில் 'ப்ரோ' வசதி இருந்தால் ஷட்டரை 1/60 நொடியில் வையுங்கள், மழை கோடுகோடாக இறங்கும். 1/500 வைத்தால் துளிகள் புள்ளிகளாக நின்றுபோய், படத்தில் ஏதோ தூசி மாதிரி தெரியும். 1/60-ல் கை ஆடக்கூடாது, தூணில் சாய்ந்துகொள்ளுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பக்கத்துத் துளிகளெல்லாம் வெள்ளை உருண்டைகளாகிவிடும்.

3. மந்தமான வெளிச்சத்தைப் போன் தானாகவே தூக்கிக் காட்டும். மழை நாள் வெயில் நாளாகிவிடும். திரையைத் தொட்டு, சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ஆனால் சட்டம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் என்றால் போன் அதைச் சாம்பலாக்கும், அப்போது மட்டும் மேலே இழுக்கணும்.

4. தேங்கிய நீரில் வளையங்கள் வேண்டுமா? கொட்டும்போது எடுக்காதீர்கள், நீர் கலங்கி ஒன்றும் தெரியாது. மழை தூறலாகும்வரை பொறுத்து, லென்ஸ் தரையை ஒட்டி வரும்படி போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். நீரில் வானத்தின் வெளுப்பும் வீட்டின் நிழலும் சேரும் ஓரத்தில்தான் வளையம் பளிச்சென்று தெரியும். இங்கே ஷட்டர் 1/250 இருக்கட்டும்.

5. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவதை உள்ளிருந்து எடுப்பதானால் ட்யூப்லைட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முகமே அதில் தெரியும். வழியும் நீரைத் தொட்டு ஃபோகஸ் செய்தால் எதிர்வீடு மங்கி அழகாக நிற்கும். வெளியிலிருந்து எடுத்தால் உள்ளே கருநீலப் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டுங்கள், தாரைகள் எடுப்பாகத் தெரியும்.

6. மாலை ஐந்தரைக்கு மேல் உள்ளறையில் ஒரு மஞ்சள் பல்பைப் போட்டுவிட்டு எடுங்கள். சாம்பல் வெளிச்சத்தில் அந்த ஒரு ஜன்னலே படத்துக்கு உயிர்.

7. எடுத்த பிறகு ஃபில்டர் போட்டு வண்ணத்தையோ வெளிச்சத்தையோ கூட்டாதீர்கள். நனைந்த சுவர் காய்ந்த சுவரைவிடக் கறுத்துத்தான் இருக்கும். அதை வெளுப்பாக்கினால் வரைந்த படம் மாதிரி ஆகிவிடும்.

8. லென்ஸில் ஒரு சொட்டு விழுந்தாலும் படம் முழுக்க மங்கும், பழைய பருத்தி வேட்டித் துண்டு இடுப்பில் இருக்கட்டும். போன் நனைந்துவிட்டால் நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். இடி இடித்தால் வாசலுக்கே போக வேண்டாம், அடுத்த மழைக்கு எடுத்துக்கொள்ளலாம்.