எழுபத்தைந்து எடுத்த பிள்ளைக்கு ஏன் பி?

அன்புத் தங்கைக்கு,

கட்டுகஸ்தோட்டையிலிருந்து நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் வரைவை இரண்டு தடவை வாசித்தேன். எட்டு வருடம் கணிதம் படிப்பித்தவர் மென்பொருள் சோதனைக்கு வர விரும்புகிறார் என்பது அதில் தெரிகிறது. ஏன் உங்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது தெரியவில்லை. பொறுமை, தொடர்பாடல் திறன், நேர முகாமைத்துவம் என்று நீங்கள் எழுதியிருப்பதை வங்கியிலிருந்து வருபவரும் எழுதுவார், ஹோட்டலிலிருந்து வருபவரும் எழுதுவார். வகுப்பறையை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். ஒரு பதிலும் வரவில்லை.

ஆனால் போன கிழமை தொலைபேசியில் பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னீர்களே, அதுதான் உங்கள் மின்னஞ்சல். தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை கொடுத்த நாளில் ஒரு தாய் வந்து, "டீச்சர், மகளுக்கு 75 என்று போட்டிருக்கு, பக்கத்தில் பி என்றும் இருக்கு. எது சரி?" என்று கேட்டாரே, அந்தக் கதை.

அதன் காரணத்தை நீங்களே கண்டுபிடித்தீர்கள். இரண்டு வினாத்தாள்களிலும் சேர்த்துப் பிள்ளை எடுத்தது 149 புள்ளி. இரண்டால் வகுத்தால் 74.5. எக்செல் தாளில் அந்தக் கட்டம் தசமம் இல்லாமல் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்ததால் கண்ணுக்கு 75 தெரிந்தது. தரம் போடும் சூத்திரமோ உள்ளே இருக்கும் 74.5ஐத்தான் பார்த்தது:

```
=IF(C5>=75,"A",IF(C5>=65,"B","C"))
```

அதோடு நீங்கள் விடவில்லை. 64.5 வரும் இடத்திலும் இதே பிழை வருமா என்று பார்த்தீர்கள், வந்தது. பிறகு ஒரேயொரு வினாத்தாள் உள்ள பாடத்துக்குப் போய், பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு ஆசிரியர்கள் வழக்கமாக அடிக்கும் ab என்ற எழுத்தைப் புள்ளிக் கட்டத்தில் அடித்தீர்கள். வராத பிள்ளைக்கு ஏ தரம் வந்து நின்றது. எக்செல் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடும்போது எழுத்தையே எப்போதும் பெரியதாக எடுத்துக்கொள்ளும். ab என்பது 75ஐ விடப் பெரியது என்று அது முடிவு செய்துவிட்டது.

தங்கச்சி, எங்கள் தொழிலில் முதலில் படிப்பிப்பது இதைத்தான். எல்லைகளில்தான் வழுக்கள் ஒளிந்திருக்கும். ஆகவே 75 என்றால் 74, 74.5, 75 மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். இதை எல்லைப் பெறுமானச் சோதனை என்கிறோம். பாடநூல் படித்தவர் எவரும் அதைச் செய்துவிடுவார். ஆனால் புள்ளிக் கட்டத்தில் ab என்று ஒருவர் அடிப்பார் என்பது, அறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு ஆசிரியர் அறையில் இருந்து புள்ளி ஏற்றியவருக்குத்தான் தோன்றும். பாவிக்கும் மனிதர் உண்மையில் என்ன அடிப்பார் என்ற அந்த அறிவே நீங்கள் கொண்டுவரும் பொருள். அதை மின்னஞ்சலின் நடுவில் வையுங்கள்.

ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். சாரத்தை இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

"இளநிலை மென்பொருள் சோதனையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். கண்டியில் எட்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் பாடசாலையின் புள்ளித் தாளில் 74.5 என்ற சராசரி 75 என்று காட்டப்பட்டு, தரம் மட்டும் பி என்று வந்தது. காட்டும் எண்ணும் ஒப்பிடும் எண்ணும் வேறானதே காரணம் என்று கண்டேன். பின்னர் மற்ற எல்லையையும் எழுத்து உள்ளீட்டையும் சோதித்தபோது, வராத மாணவருக்கு ஏ தரம் கிடைப்பதையும் கண்டேன். இரண்டையும் செய்த படிகள், எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு என்று எழுதி இணைத்திருக்கிறேன். தானியக்கச் சோதனையில் எனக்கு வேலை அனுபவம் இல்லை. எஸ்.கியூ.எல். கற்றுக்கொண்டிருக்கிறேன்."

இவ்வளவு போதும். கடைசியில் எப்போது சேர முடியும், கொழும்புக்குக் கிழமையில் எத்தனை நாள் வர முடியும் என்று ஒரு வரி போடுங்கள். கண்டியிலிருந்து விண்ணப்பிப்பவரிடம் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். தலைப்பு வரியில் பதவியின் பெயரும் உங்கள் பெயரும் மட்டும் இருக்கட்டும்.

இணைக்கும் வழு அறிக்கையில் கவனம் வேண்டும். "சூத்திரம் பிழை" என்று எழுதினால் அது தீர்ப்பு. "C5இல் 74.5 இருக்கும்போது கட்டம் 75 என்று காட்டுகிறது, தரம் பி வருகிறது" என்று எழுதினால் வாசிப்பவர் தன் கணினியில் அதையே செய்து பார்க்கலாம். இன்னொன்று, எதிர்பார்த்த விளைவு ஏ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். 74.5ஐ 75 ஆக எடுப்பதா இல்லையா என்பது பாடசாலையின் விதி. அதிபரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அந்தப் பதிலை எழுதுங்கள். கேட்கவில்லையென்றால் "விதி தெளிவில்லை, உறுதிப்படுத்த வேண்டும்" என்று எழுதுங்கள்.

விதி பிழைத்தால் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை என்பதை நம் நாட்டு ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் எழுதினார்கள். இரு குழுவினரின் இசட் புள்ளியைக் கணித்த முறை வழக்காகி, 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை ரத்துச் செய்தது. எந்தக் கூட்டத்தோடு எந்தக் கூட்டத்தைச் சேர்த்து ஒப்பிடலாம் என்பதே அங்கே கேள்வியாக நின்றது. இதை மின்னஞ்சலில் எழுத வேண்டாம். நேர்முகத்தில் கேட்டால் சொல்லுங்கள்.

வகுப்பறையில் நல்லதாக இருந்து இங்கே இடறும் பழக்கம் ஒன்றும் உண்டு. விடைத்தாளில் பிள்ளை பாதிப் படி எழுதியிருந்தால், என்ன நினைத்தது என்று ஊகித்து அந்தப் படிக்குப் புள்ளி கொடுப்போம். மென்பொருளுக்கு அந்த இரக்கம் ஆகாது. "இப்படித்தான் செய்ய நினைத்திருப்பார்கள்" என்று நீங்கள் மனதில் நிரப்பிக்கொண்ட இடத்தில்தான் வழு தப்பிப் போகும். என் முதல் வருடத்தில் ஒரு கட்டணப் பக்கத்தில் அப்படி ஒன்றை நானே தப்பவிட்டேன்.

ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைச் சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 40 கேள்வி, 26 சரியாக இருந்தால் சித்தி. கணித ஆசிரியைக்கு அது பாரமில்லை. ஆனால் எழுதி முடிக்கும்வரை "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் போடுங்கள்.

திருத்திய வரைவை வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் அந்த எக்செல் தாளிலுள்ள பிள்ளைகளின் பெயர்களையும் சுட்டெண்களையும் முழுவதும் அழித்து, கற்பனைப் பெயர்களைப் போட்டுவிடுங்கள். அது அவர்களுடைய புள்ளி. வெளியே கொடுக்க நமக்கு உரிமையில்லை.

அன்புடன்,
அக்கா