மேலிருந்து பார்த்தால் எல்லாச் சோறும் ஒன்றுதான்

உணவு ஆலோசகர் என்பதால் மதிய வேளையில் என் வாட்ஸ்அப்பில் சாப்பாட்டுத் தட்டுகள் வந்து குவியும். "மேடம், இதுல மாவுச்சத்து எவ்வளவு இருக்கும்?" என்ற கேள்வியோடு, பெரும்பாலும் நேர் மேலிருந்து எடுத்த படம். தட்டில் இருப்பது என்ன என்று சொல்ல அது போதும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லப் போதாது.

சர்க்கரை நோயாளி ஒருவர் அனுப்பிய தட்டை எடுத்துக்கொள்வோம். சோற்றுக் குவியலின் அடிவட்டம் 16 சென்டிமீட்டர். நடுவில் உயரம் 4 சென்டிமீட்டர் என்று வைத்தால் சோறு ஏறக்குறைய 300 கிராம், அதில் மாவுச்சத்து 85 கிராம். உயரம் இரண்டரைதான் என்றால் சோறு 180 கிராம், மாவுச்சத்து 50 கிராம். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டுக்கும் ஒரே வட்டம்தான் தெரியும். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவருக்கு இந்த 35 கிராம் வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

அந்த 16 சென்டிமீட்டரும் தட்டின் அகலம் 28 என்று நானாக நினைத்துக்கொண்டதில் வந்த கணக்கு. அவர் வீட்டுத் தட்டு 25 என்றால்? நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறையும். மூன்றையும் பெருக்கும்போது சோறு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்துவிடும். இதையெல்லாம் தெரிந்த பிறகு, படத்தைப் பார்த்து "387 கலோரி" என்று ஒற்றை எண்ணை நீட்டும் செயலிகளைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நான் எப்போதும் "50 முதல் 85 வரை" என்று இரண்டு எண்களாகத்தான் எழுதிக் கொடுப்பேன்.

இடைவெளியைக் குறைக்க வழி உண்டு. தட்டின் அகலத்தை ஒருமுறை அளந்து எனக்குச் சொல்லிவிடுங்கள். குழம்பு ஊற்றும் முன், ஒன்று மேலிருந்தும் ஒன்று பக்கவாட்டில் சாய்த்தும் படம் எடுங்கள். பிசைந்த சோற்றின் படத்தை நான் கணக்கிடுவதே இல்லை. மீதம் வைத்தால் அதையும் எடுங்கள். இதையெல்லாம்விட நம்பகமானது, வீட்டுக் கரண்டியால் ஒரு கரண்டி சோறு எடுத்து எடை பார்த்துவைப்பது. "நாலு கரண்டிதான் மேடம்" என்பதற்கு அதன்பின் ஓர் அர்த்தம் இருக்கும். இன்சுலின் அளவைச் சாப்பாட்டுக்கு ஏற்ப மாற்றுபவர்கள் படத்தை நம்பாமல் சோற்றையே எடைபோடுவது நல்லது.

எண்ணெய் மட்டும் எந்தக் கோணத்திலும் சிக்காது. பொரியலில் ஒரு மேசைக்கரண்டி கூடினால் 120 கலோரி ஏறும். படம் அப்படியே இருக்கும். அதனால் எண்ணெய்க்கு நான் படம் கேட்பதில்லை, மளிகைச் சீட்டைக் கேட்கிறேன். நாலு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரிக்குக் கொஞ்சம் மேல். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயைக் கொட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். வெளியே வாங்கிய பஜ்ஜியும் பரோட்டாவும் இந்தக் கணக்கில் வராது.