திரையில் ஐந்து எச்சரிக்கைகள்: எது முக்கியம்?

மருந்தகத்தில் மருந்து வாங்க நிற்கும்போது, "இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள்" என்று மருந்தாளுநர் கூறியதை உங்களுள் சிலர் கேட்டிருக்கலாம். ஒரு மருந்து மற்றொரு மருந்தின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். இதனை இடைவினை என்கிறோம். மருந்துச் சீட்டைக் கணினியில் பதிவு செய்தவுடன், அத்தகைய இணைகளை மென்பொருள் கண்டறிந்து திரையில் எச்சரிக்கை காட்டும். இந்த எச்சரிக்கைகள் அளவுக்கு மீறிப் பெருகும்போது என்ன நேர்கிறது என்பதை, எங்கள் பிரிவில் நிகழ்ந்த ஒரு தவற்றின் வழியே இங்கு விளக்குகிறோம். நோயாளியின் அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளோம்.

அந்த அம்மையாருக்கு வயது 54. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு உலோகச் செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டது. வால்வில் இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்கிறார். இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் அவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். முந்தைய மாதம் 2.9 இருந்தது. தைராக்சின், கால்சியம், டிகாக்சின், நீர் பிரியச் செய்யும் ஃப்யூரோசமைடு ஆகியவையும் அவருடைய நெடுநாளைய மருந்துகள்.

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்று அவர் வந்தபோது, கோ-ட்ரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லி மருந்தையும், உடல்வலிக்குத் தேவைப்பட்டால் மட்டும் பாரசிட்டமாலையும் எழுதினோம். திரையில் ஐந்து எச்சரிக்கைகள் தோன்றின. ஐந்தும் ஒரே மஞ்சள் நிறம், ஒரே எழுத்தளவு. அவற்றுள் மூன்று, அவர் ஒவ்வொரு முறை வரும்போதும் நாங்கள் பார்த்துப் பழகியவை. ஐந்தையும் ஒருசேரத் தள்ளிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தோம்.

ஐந்தாம் நாள் காலை பல் துலக்கும்போது அவருக்கு ஈறில் இரத்தம் கசிந்தது, நிற்கவில்லை. முன்கையில் அடிபடாமலே நீலத் தழும்புகள் தோன்றியிருந்தன. அவருடைய மகள் ஐ.என்.ஆர். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உடனே அழைத்து வந்தார். ஐ.என்.ஆர். 7.6. வார்ஃபரினை நிறுத்தி, வைட்டமின் கே மருந்தைச் சிறிய அளவில் மட்டும் கொடுத்தோம். மிகுதியாகக் கொடுத்தால் வால்வில் இரத்தம் உறைந்துவிடும். மூன்று நாள்களில் அளவு சீரானது. அவர் நலமாக வீடு திரும்பினார்.

இனி அந்த ஐந்து எச்சரிக்கைகளையும் நிதானமாகப் பார்ப்போம். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நேரக்கூடிய தீங்கு எவ்வளவு பெரியது? இணையில் ஏதேனும் ஒன்று புதிதாகச் சேர்ந்ததா, அல்லது அளவு மாறியதா? தீங்கைத் தவிர்க்க எளிய வழி உண்டா?

முதலாவது, தைராக்சினும் கால்சியமும். கால்சியம் உடன் இருந்தால் தைராக்சின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட்டால் போதும். இரண்டாவது, வார்ஃபரினும் தைராக்சினும். தைராக்சின் அளவை மாற்றும்போது ஐ.என்.ஆர். மாறக்கூடும்; ஆனால் இவருக்கு ஆண்டுக்கணக்கில் ஒரே அளவு. மூன்றாவது, டிகாக்சினும் ஃப்யூரோசமைடும். ஃப்யூரோசமைடினால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நஞ்சாக மாறக்கூடும். இது சிறிய தீங்கன்று. எனினும் அண்மைய பரிசோதனையில் அவருடைய பொட்டாசியம் சரியாக இருந்தது. நான்காவது, வார்ஃபரினும் பாரசிட்டமாலும். நாளுக்கு 2 கிராம் என்ற அளவில் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். உயரலாம், வலிக்கு எப்போதாவது ஒரு மாத்திரை போட்டுக்கொள்வதால் பெரும்பாலும் பாதிப்பில்லை.

ஐந்தாவதுதான் வார்ஃபரினும் கோ-ட்ரைமாக்சசோலும். வார்ஃபரினைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. கோ-ட்ரைமாக்சசோலில் உள்ள சல்ஃபாமெதாக்சசோல் அந்த நொதியைத் தடுக்கிறது. வழக்கமான அதே மாத்திரையைத்தான் நோயாளி விழுங்குகிறார். ஆனால் வார்ஃபரின் உடலில் தேங்கிச் சில நாள்களுக்குள் இரத்தம் உறையாமை எல்லை மீறுகிறது. தீங்கு பெரியது, மருந்து புதியது, மாற்று வழியும் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் இல்லை, சிறுநீரகமும் நன்கு இயங்கியது. ஆகவே சிறுநீர்ப்பையோடு நின்ற அத்தொற்றுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் கொடுத்திருக்கலாம். கோ-ட்ரைமாக்சசோலைத் தவிர வேறு வழியே இல்லையெனில், வார்ஃபரின் அளவை முன்கூட்டியே குறைத்து, மூன்றாம் நாள் முதலே ஐ.என்.ஆர். பார்த்திருக்க வேண்டும்.

ஐந்தில் ஒன்று மட்டுமே எங்களை நிறுத்தியிருக்க வேண்டிய எச்சரிக்கை. அது மற்ற நான்கின் நடுவே மறைந்துபோயிற்று. இதனையே எச்சரிக்கைச் சோர்வு என்கிறார்கள். 2006-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, மருத்துவர்கள் இத்தகைய எச்சரிக்கைகளுள் 49 முதல் 96 விழுக்காடு வரை தள்ளிவிடுகின்றனர் எனக் கண்டது. அவர்கள் அனைவரும் அலட்சியக்காரர்கள் அல்லர். மென்பொருளுக்கு மருந்துகளின் பெயர் தெரியும். இந்த நோயாளி அவற்றை எட்டு ஆண்டுகளாகச் சேர்த்து உட்கொள்கிறார் என்பதோ, பொட்டாசியம் சரியாக உள்ளது என்பதோ பல மென்பொருள்களுக்குத் தெரிவதில்லை. எதையும் விட்டுவிட்டோம் என்ற பழி வரக்கூடாது என்று, அவை அறிந்த அனைத்தையும் காட்டுகின்றன. அடிக்கடி வீணாக ஒலிக்கும் மணியைக் காது கேளாதாகிவிடுகிறது.

அந்நிகழ்வுக்குப் பின் மருந்தாளுநர்களுடன் அமர்ந்து பட்டியலைத் திருத்தினோம். இடைவெளி விட்டால் தீரும் எச்சரிக்கைகள் இப்போது மருத்துவரிடம் வருவதில்லை. மருந்து உறையின் மேல் நேரக் குறிப்பாக அச்சாகின்றன. அளவு மாறாத நெடுநாளைய இணைகள் ஒவ்வொரு முறையும் தோன்றுவதில்லை. உயிருக்கு ஆபத்தான சிலவற்றுக்கு மட்டும் சிவப்பு நிறம். காரணம் எழுதாமல் அவற்றைக் கடக்க இயலாது. ஆயினும் ஓர் எச்சரிக்கையை அடக்குவதும் முற்றிலும் ஆபத்தற்றதன்று. அந்த அம்மையாருக்கு நாளை வயிற்றுப்போக்கு ஏற்பட்டுப் பொட்டாசியம் குறைந்தால், இன்று பொருட்படுத்தாத மூன்றாவது எச்சரிக்கையே முதன்மையானதாகிவிடும்.

திரை காட்டாதவையும் உண்டு. கடையில் நேரடியாக வாங்கிய வலி மாத்திரை, வேறு மருத்துவர் கொடுத்த மருந்து, நாட்டு மருந்து ஆகியவை பதிவாகாவிட்டால் மென்பொருள் மௌனமாகவே இருக்கும். ஆகவே உட்கொள்ளும் அனைத்தையும், அட்டையோடும் புட்டியோடும், ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். புதிய மருந்து எழுதும்போது, "இது என் பழைய மருந்துகளோடு சேருமா? இரத்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். வார்ஃபரின் உட்கொள்வோர் கிருமிக்கொல்லி மருந்து எதைத் தொடங்கினாலும், சில நாள்களுக்குள் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டுமா என்று கேட்டே தீர வேண்டும். தொற்று நோயேகூட அந்த அளவை மாற்றக்கூடும்.

எச்சரிக்கையைக் கேட்டு அஞ்சி, நீங்களாகவே வார்ஃபரினை நிறுத்திவிடாதீர்கள். செயற்கை வால்வு உள்ளவருக்கு அது பக்கவாதத்தில் முடியலாம். நிற்காத ஈறுக் கசிவு, சிவந்த சிறுநீர், கறுத்த மலம், தலையில் அடி, கடும் தலைவலி ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும், அடுத்த முறை வரும் நாளுக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். அன்று அந்த மகள் செய்ததும் அதுவே.