எத்திலீன்: வினையை எங்கே நிறுத்துவது?

இரசாயனப் பொறியியல் பயிலும் நம் சங்கத்து இளைய தோழர்கள் சிலர், ஈத்தேனையும் நாப்தாவையும் நீராவியுடன் சூடேற்றிப் பிளந்து எத்திலீன் ஆக்கும் முறையைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது என்றும், அதனைத் தமிழில் ஒருமுறை விளக்கித் தரவேண்டும் என்றும் கேட்டனர். பாடநூல்களில் வெப்பநிலை ஓர் இடத்திலும், தங்கு நேரம் வேறோர் இடத்திலும், பிரிப்பு முறை மற்றோர் அத்தியாயத்திலும் கூறப்படுகின்றன. மாணவரும் அவற்றை மூன்று தனிச் செய்திகளாகவே எழுதிவிடுகின்றனர். ஆனால் அம்மூன்றும் ஒரே கேள்விக்கு உரிய விடையின் மூன்று பகுதிகள் என்றே நான் கருதுகிறேன். வினையை எங்கே நிறுத்துவது என்பதே அக்கேள்வி.

முதலில் ஈத்தேனை எடுத்துக்கொள்வோம். நாம் வேண்டும் வினை இது:

C₂H₆ → C₂H₄ + H₂

ஒரு மோலுக்கு ஏறத்தாழ 137 கிலோஜூல் வெப்பத்தை இவ்வினை உட்கொள்ளும். 800 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் இது பயன்தரும் வேகத்தில் நடைபெறும். ஈத்தேன் மூலக்கூறு ஒன்று இரண்டாக உடைந்து, ராடிகல் எனப்படும் தனி உறுப்புகள் தோன்றுகின்றன. அவை மற்ற ஈத்தேன் மூலக்கூறுகளிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து, சங்கிலி போல் வினையைத் தொடர்கின்றன. இதற்கு வினையூக்கி எதுவும் வேண்டியதில்லை. வெப்பம் ஒன்றே போதும்.

ஆனால் அந்த வெப்பநிலையில் எத்திலீனும் நிலையான பொருளன்று. காலம் கொடுத்தால் அது அசெட்டிலீனாகவும், பென்சீனாகவும், தாராகவும் மாறி, இறுதியில் கரியும் ஹைட்ரஜனுமாக முடியும். ஆகவே எத்திலீன் என்பது பயணத்தின் முடிவு அன்று; வழியில் உள்ள ஒரு சத்திரமே. பயணியை அங்கே இறக்கிவிட வேண்டும் என்றால், விரைந்து கொண்டுசெல்லவும் வேண்டும், உரிய கணத்தில் நிறுத்தவும் வேண்டும்.

வெப்பத்தைக் குறைத்து மெதுவாகச் செய்தால் பாதுகாப்பாக இருக்காதா என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்கு இதற்கு விடை தரும். ஈத்தேன் பிளப்புக்குப் பாடநூல்களில் வழங்கும் வேக விதி ஒன்று உண்டு:

k = 4.65 × 10¹³ × exp(−273000/RT)

R-இன் மதிப்பு 8.314, T கெல்வினில், k ஒரு விநாடிக்கு. 827 டிகிரி செல்சியசில், அதாவது 1100 கெல்வினில், k ஏறத்தாழ 5 ஆகும். அங்கே வாயு 0.2 விநாடி தங்கினால், முதற்படி வினையின் கணக்குப்படி, நூற்றுக்கு 64 பங்கு ஈத்தேன் மாறிவிடும். 777 டிகிரியில் k ஏறத்தாழ 1.2 மட்டுமே. அதே 64 பங்கு மாற வேண்டுமானால் 0.83 விநாடி தேவை. குழாய் முழுவதும் ஒரே வெப்பநிலை எனவும், எதிர்வினை இல்லை எனவும் கொண்ட எளிய கணக்கு இது; ஆயினும் போக்கினை நன்கு காட்டும்.

இனி எத்திலீனைக் கெடுக்கும் பக்க வினைகளைப் பார்ப்போம். அவற்றின் கிளர்வு ஆற்றல் பொதுவாக முதல் வினையினுடையதைவிடக் குறைவு. எடுத்துக்காட்டாக, அதனை 200 கிலோஜூல் எனக் கொள்வோம். 777-இலிருந்து 827 டிகிரிக்கு ஏறும்போது முதல் வினையின் வேகம் 4.1 மடங்காகிறது, பக்க வினையின் வேகமோ 2.8 மடங்கே ஆகிறது. தங்கு நேரமோ நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. எனவே ஒரே அளவு ஈத்தேன் மாறும்போது நேரும் சேதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ‘மிகுந்த வெப்பம், குறைந்த நேரம்’ என்ற விதியின் உட்பொருள் இதுவே. உலைகளில் வாயு வெளியேறும் இடத்து வெப்பநிலை 820 முதல் 850 டிகிரியை ஒட்டியும், தங்கு நேரம் பெரும்பாலும் 0.1 முதல் 0.5 விநாடிக்குள்ளும் இருப்பதன் காரணமும் இதுவே.

அப்படியானால் இன்னும் சூடாக்கி, இன்னும் விரைவாக முடித்தால் என்ன? இங்கேதான் குழாய் குறுக்கே நிற்கிறது. அவ்வளவு வெப்பத்தையும் விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் குழாயின் சுவர் வழியாகவே வாயுவுக்குள் செலுத்தியாக வேண்டும். குரோமியமும் நிக்கலும் மிகுதியாகச் சேர்ந்த உலோகக் கலவையால் ஆன அக்குழாய்கள்கூட 1100 டிகிரியை ஒட்டிய சுவர் வெப்பத்துக்கு மேல் நெடுநாள் தாங்கா. குழாயின் விட்டத்தைக் குறைத்தால் வாயுவின் பருமனுக்கு ஏற்ற சுவர்ப் பரப்பு கூடும். வெப்பமும் விரைந்து ஏறும். ஆனால் குழாயின் உட்புறத்தில் கரி படிகிறதே! 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 5 மில்லிமீட்டர் கனத்துக்குக் கரி படிந்தால் வழியில் நூற்றுக்கு 81 பங்கு எஞ்சும். அதே கரி 40 மில்லிமீட்டர் குழாயில் படிந்தால் 56 பங்கே எஞ்சும். ஆகவே குறுகிய குழாயை அடிக்கடி நிறுத்தித் துப்புரவு செய்ய நேர்கிறது.

கரி படிவதை உலையைத் திறந்து பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. இரண்டு அடையாளங்கள் போதும். கரி வெப்பத்தைத் தடுப்பதால், வாயுவை அதே வெப்பநிலையில் வெளியேற்ற எரிபொருளைக் கூட்ட வேண்டியிருக்கும். குழாய்ச் சுவரின் வெப்பநிலை நாளுக்கு நாள் ஏறும். வழி குறுகுவதால் குழாயின் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடும் வளரும். இவ்விரண்டில் ஒன்று எல்லையைத் தொட்டதும் மூலப்பொருளை நிறுத்தி, நீராவியும் காற்றும் செலுத்திக் கரியை எரித்துவிடுவர். வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் டையாக்சைடும் குறைந்து மறைந்தால் குழாய் துப்புரவாயிற்று என்று பொருள்.

நீராவியின் பணியும் இப்பொழுது தெளிவாகும். அது வினைபடு பொருளன்று. ஹைட்ரோகார்பனின் பகுதி அழுத்தத்தைக் குறைப்பதற்காகவே சேர்க்கப்படுவது. ஒரு மூலக்கூறு இரண்டாகும் வினைக்குக் குறைந்த அழுத்தம் நல்லது. இரண்டு மூலக்கூறுகள் கூடித் தாராகும் வினைகளுக்கோ அது பாதகம். அன்றியும் நீராவி படிந்த கரியில் ஒரு பகுதியை வாயுவாக்கிவிடும். ஒரு கிலோ ஈத்தேனுக்கு ஏறத்தாழ 0.3 கிலோவும், நாப்தாவுக்கு 0.5 கிலோவும் நீராவி சேர்ப்பது வழக்கம்.

உலையை விட்டு வெளியேறியதும் வினை தானாக நின்றுவிடாது. ஆதலால் வாயு உடனே ஒரு வெப்பமாற்றியுள் நுழைந்து, விநாடியின் ஒரு சிறு பின்னத்துக்குள் வினை நிற்கும் அளவுக்குக் குளிர்விக்கப்படுகிறது. அந்த வெப்பம் வீணாவதில்லை. அது உயர் அழுத்த நீராவியாக மாறிக் கம்ப்ரசரை ஓட்ட உதவுகிறது.

நாப்தாவில் என்ன வேறுபாடு? அதன் மூலக்கூறுகள் நீண்டவை, எளிதில் உடைபவை. ஆகவே ஈத்தேனைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே அது பிளவுபடத் தொடங்கும். ஆனால் உடைந்த துண்டுகள் பலவகைப்படும். உலையில் செல்லும் 100 கிலோ ஈத்தேனில் 65 கிலோ மாறினால் ஏறத்தாழ 52 கிலோ எத்திலீன் கிடைக்கும். 100 கிலோ நாப்தாவிலிருந்தோ ஏறத்தாழ 30 கிலோதான். மீதி புரொப்பிலீன், மீத்தேன், பியூட்டாடையீன், பென்சீன் மிக்க பெட்ரோல், கனத்த எண்ணெய் எனப் பிரிந்துபோகும். நாப்தா உலையில் வினை எவ்வளவு தூரம் சென்றது என்பதை அறிய, வெளிவரும் புரொப்பிலீனுக்கும் எத்திலீனுக்கும் உள்ள எடை விகிதத்தைப் பார்ப்பர். அது 0.5-ஐ ஒட்டி இருப்பது வழக்கம். வினை கடுமையாகும்போது புரொப்பிலீன் உடைந்து இவ்விகிதம் இறங்கும். நம் நாட்டில் பாட்டா ஆலை இயற்கை வாயுவிலிருந்து பிரித்த பொருளையும், ஹால்தியா, பானிப்பட்டு ஆலைகள் நாப்தாவையும் பிளக்கின்றன. இவ்விருவகை ஆலைகளின் பிரிப்புப் பகுதிகள் ஒன்றுபோல் இராமைக்குக் காரணம் இதிலிருந்து விளங்கும்.

இனிப் பிரிப்பு. குளிர்ந்த வாயுவை நான்கைந்து படிகளில் ஏறத்தாழ 35 வளிமண்டல அழுத்தத்துக்கு அமுக்குகின்றனர். படிகளுக்கு இடையே குளிர்வித்து, வாயுவின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே ஏறாமல் காக்கின்றனர். இல்லையேல் பியூட்டாடையீன் போன்றவை ஒன்றுகூடிப் பிசினாகிக் கம்ப்ரசருக்குள் ஒட்டிக்கொள்ளும். கார்பன் டையாக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவி நீக்கியபின், வாயுவிலுள்ள ஈரத்தை முற்றும் அகற்ற வேண்டும். அடுத்து வரும் கோபுரத்தின் உச்சி 100 டிகிரி உறைகுளிரை ஒட்டி இருப்பதால், எஞ்சிய ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். அக்கோபுரத்தில் மீத்தேனும் ஹைட்ரஜனும் நீங்குகின்றன.

எஞ்சியவற்றுள் அசெட்டிலீனை, பல்லேடியம் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனுடன் சேர்த்து எத்திலீனாக்குவர். வினை எல்லை மீறினால் எத்திலீனே ஈத்தேனாகிவிடும். படுகையின் வெப்பநிலை திடுமென ஏறுவது அதன் அறிகுறி. நிறுத்தத் தெரிய வேண்டும் என்ற பாடம் இங்கும் வருவதைக் காண்க.

கடைசியில் எத்திலீனையும் ஈத்தேனையும் பிரிக்க வேண்டும். அவற்றின் கொதிநிலைகள் முறையே −104, −89 டிகிரி. வேறுபாடு 15 டிகிரி மட்டுமே. அதனால் நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகள் கொண்ட உயர்ந்த கோபுரமும், குளிர்விக்கப் பெருஞ்சக்தியும் வேண்டும். அடியில் சேரும் ஈத்தேன் மீண்டும் உலைக்குத் திரும்புகிறது.

இங்கே தொடக்கக் கேள்விக்குத் திரும்புகிறோம். உலையில் 65 பங்கு மாறினால், 65 கிலோ புது ஈத்தேனுக்கு 35 கிலோ சுற்றி வருகிறது. அதாவது ஒரு கிலோவுக்கு 0.54 கிலோ. 50 பங்கில் நிறுத்தினால் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ சுற்றி வரும். எத்திலீன் கெடுவது குறையும். ஆனால் கோபுரமும் கம்ப்ரசரும் உலையும் சுற்றி வரும் ஈத்தேனை ஏறத்தாழ இருமடங்காகச் சுமக்க வேண்டும். 80 பங்கு வரை ஓட்டினால் சுமை குறையும். ஆனால் எத்திலீன் கரியாகவும் மீத்தேனாகவும் சிதையும், உலையையும் அடிக்கடி நிறுத்த நேரும். இவ்விரு செலவுகளும் சமன்படும் இடமே அந்த 65-ஐ ஒட்டிய எண்.

தோழர்களே, கட்டுரையில் அந்த எண்ணை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அதனை ஒருபுறமிருந்து உலைக் குழாயும், மறுபுறமிருந்து குளிர்க் கோபுரமும் எவ்வாறு நெருக்கி நிறுத்தின என்பதையும் எழுதுங்கள். வெப்பநிலை, தங்கு நேரம், பிரிப்பு ஆகிய மூன்று தலைப்புகளும் அப்பொழுது ஒரே கட்டுரையாக இணைந்துவிடும்.