தரம் பார்த்தல் சோதனையைத் தமிழில் எழுதும் முறை

பள்ளிச் சோதனைச்சாலைக்கெனச் செய்முறைக் குறிப்புகளைத் தமிழாக்குவோர், கருவிகளின் பெயர்களிலேயே கருத்தைப் பெரிதும் செலுத்துகின்றனர். ஆயின், மாணவனுடைய விடையைப் பிழையாக்குவது பெரும்பாலும் கருவியின் பெயரன்று. செயலைக் குறிக்கும் வினையும் அதற்கு அடையாக வரும் சொல்லுமே ஆகும். ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் திறனை அறியும் சோதனையை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

1. பெயர்கள்

பியூரெட், பிப்பெட் என்னும் சொற்களைத் தமிழ்நாட்டு நூல்கள் ஒலிபெயர்த்தே வழங்குகின்றன. இலங்கை நூல்கள் முன்னதை அளவி என்றும், பின்னதைக் குழாயி என்றும், சோதனையை நியமிப்பு என்றும் கூறும். இவ்விரு வழக்குகளில் ஒன்றையே குறிப்பு முழுவதும் கையாளவேண்டும். நாகலாபுரம் போன்ற எல்லைப்புற ஊர்களில் தெலுங்கு நூலும் மாணவர் கைக்கு வரக்கூடும். அதில் சோதனை அம்சமாபனம் எனவும், நிறங்காட்டி சூசிக எனவும் வழங்கும். ஆதலின் ஆசிரியர் முதல் நாளிலேயே இச்சொற்களைக் கரும்பலகையில் இணைத்தெழுதிக் காட்டுதல் நன்று.

2. கழுவுதலும் அலசுதலும்

தூய நீரால் அழுக்கு நீக்குவதைக் கழுவுதல் என்போம். பயன்படுத்தவிருக்கும் கரைசலையே சிறிதளவு விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுவதை அலசுதல் எனக் கொள்வோம். பியூரெட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலாலும், பிப்பெட்டை அமிலத்தாலும் அலசவேண்டும். அவ்வாறு செய்யாவிடில் உள்ளே ஒட்டிய நீர் கரைசலின் செறிவைக் குறைத்துவிடும். கூம்புக் குடுவையையோ நீரால் கழுவுதல் மட்டுமே முறை. அதனை அமிலத்தால் அலசினால், பிப்பெட் அளந்து விட்ட அமிலத்தோடு அளவறியாத அமிலமும் சேர்ந்துவிடும். இரண்டு செயலுக்கும் ‘கழுவுக’ என்றே எழுதிவிட்டால் மாணவனுக்கு இவ்வேறுபாடு புலனாகாது.

3. முடிவு நிலை

அமிலமும் காரமும் ஒன்றுக்கொன்று ஈடாகும் நிலையைச் சமானப் புள்ளி என்கிறோம். இதனைச் சமநிலை என்றெழுதலாகாது. அச்சொல் எதிரெதிர் வினைகள் ஒரே வேகத்தில் நிகழும் நிலைக்கு உரியது. நடுநிலைப் புள்ளி என்பதும் இங்குப் பொருந்தாது. ஆக்சலேட் அயனி நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைச் சிறிது ஏற்பதால், சமானப் புள்ளியில் கரைசல் சற்றே காரத்தன்மை உடையதாயிருக்கும். பினாப்தலீன் இதற்கு ஏற்ற நிறங்காட்டியாவதற்குக் காரணம் இதுவே. நிறம் மாறக் கண்டு நாம் நிறுத்தும் இடம் முடிவு நிலை. அது சமானப் புள்ளியை மிக அடுத்து நிற்பதேயன்றி, அதுவே ஆகாது.

4. ‘நிலையான’ என்னும் அடை

ஆங்கிலக் குறிப்புகளில், ‘பெர்மனென்ட் பேல் பிங்க்’ தோன்றும்வரை காரத்தைச் சேர்க்க என்றிருக்கும். இதனை ‘நிலையான வெளிர் இளஞ்சிவப்பு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன நேரும்? காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைசலில் கரைவதால், சரியாக நிறுத்திய கரைசலின் நிறமும் சிறிது நேரத்தில் மங்கிவிடும். ‘நிலையான’ என்று படித்த மாணவன் நிறம் மங்குந்தோறும் மேலும் ஒரு துளி விடுவான்.

0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலத்தில் 20 மி.லி. எடுத்ததாகவும், முடிவு நிலைக்கு 19.6 மி.லி. கார்ம் செலவானதாகவும் கொள்வோம். அப்போது காரத்தின் திறன் 20 × 0.1 ÷ 19.6 = 0.102 நார்மல், அதாவது லிட்டருக்கு 4.08 கிராம். மேற்கூறிய மாணவன் 0.4 மி.லி. மிகுதியாக விட்டிருந்தால் அவனுக்குக் கிடைப்பது 0.100 நார்மல், அதாவது 4.00 கிராம். பிழை ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு. ஒவ்வொரு முறையும் அவன் ஒரேயளவு மிகையாக விட்டால் அளவீடுகள் தம்முள் ஒத்தேயிருக்கும். ஆதலின் அவற்றைக் கொண்டு பிழையை அறிய இயலாது. குடுவையை வெள்ளைத் தாளின்மேல் வைத்து நிறத்தின் ஆழத்தைக் கண்டே அறியவேண்டும். ஆழ்ந்த சிவப்பு மிகையைக் காட்டும்.

5. திருந்திய வாசகம்

எனவே அப்பகுதியைப் பின்வருமாறு எழுதலாம்: ‘அமிலத்தில் பினாப்தலீன் இரண்டு துளி சேர்க்க. பியூரெட்டிலிருந்து காரத்தை விட்டுக் குடுவையைச் சுழற்றுக. தோன்றிய நிறம் மறையக் காலந்தாழ்க்கும்போது, துளித்துளியாக விடுக. ஒரு துளியால் குடுவை முழுவதும் மெல்லிய இளஞ்சிவப்பு நிறம் பரவி, சுழற்றிய பின்னும் அரை நிமிடம் மறையாதிருப்பின், அதுவே முடிவு நிலை. உடனே, கண்ணை நேர்மட்டத்தில் வைத்து, கரைசலின் கீழ்ப்பிறை காட்டும் அளவைக் குறித்துக்கொள்க. அதன்பின் நிறம் மங்கினாலும் காரம் சேர்க்கலாகாது.’

மூலத்திலுள்ள ஒரு சொல்லுக்கு இங்கு ஒரு வாக்கியம் செலவாயிற்று. ஆயினும் எப்போது நிறுத்துவது என்பது மாணவனுக்கு ஐயமின்றி விளங்கும்.